செவ்வாய்க்கிழமை எத்தனை பெட்டி சொல்வது?

பல மளிகைக் கடைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முன்தட்டில் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் தீர்ந்துபோய், அந்த இடத்தில் பிஸ்கட்டைப் பரப்பி வைத்திருப்பார்கள். பின்னறையில் ஷாம்பு பாட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் தூசி படிந்து கிடக்கும். கடைக்காரரைக் கேட்டால் எண்ணெய்க்கு ஏஜென்சிக்காரர் மேல் கோபப்படுவார், ஷாம்புக்கு ஸ்கீம் மேல் கோபப்படுவார். இரண்டும் ஒரே கல்லாவில் நடந்த ஒரே சங்கதி என்பது கண்ணில் படாது. ஷாம்பு பில் கட்டப் போன பணம், செவ்வாய்க்கிழமை எண்ணெய்க்கு வேண்டிய பணம்.

ஆகவே இதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்ளலாம். லைன் சேல்ஸ்மேன் வந்து, "அண்ணாச்சி, எத்தனை பெட்டி போடட்டும்?" என்று கேட்கும்போது சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அது தட்டைத் திரும்பிப் பார்த்த பார்வையிலிருந்தும், போன வாரம் பட்ட அவஸ்தையிலிருந்தும் வருகிறது. போன வாரம் தீர்ந்திருந்தால் இந்த வாரம் கூடுதலாகச் சொல்வோம். போன வாரம் தேங்கியிருந்தால் குறைத்துச் சொல்வோம். இரண்டு முறையும் ஒரு வாரம் தாமதமாகத்தான் திருத்துகிறோம்.

புத்தகங்களில் இருக்கும் ரீஆர்டர் பாயின்ட் கணக்கு எளிமையானது. ஒரு நாள் சராசரி விற்பனையை, ஆர்டர் சொன்னதிலிருந்து சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்க வேண்டும். அதோடு சேஃப்டி ஸ்டாக் என்கிற காப்புச் சரக்கைக் கூட்ட வேண்டும். இருப்பு அந்த எண்ணுக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் நினைத்த நாளில் போன் போட்டு ஆர்டர் சொல்லக்கூடிய கடைக்கான கணக்கு அது. வாரம் ஒருமுறை சேல்ஸ்மேன் வரும் கடைக்கு அதை அப்படியே போட்டால் தட்டு காலியாகும். எப்படி என்று எண்ணெயை வைத்தே பார்க்கலாம்.

ஒரு கடையில் நாளைக்குச் சராசரி 12 பாக்கெட் போகிறது. செவ்வாய் காலை சேல்ஸ்மேன் வருகிறார், வியாழன் காலை சரக்கு இறங்குகிறது. சரக்கு வர 2 நாள் ஆவதால் 24 பாக்கெட், காப்புக்கு ஒரு 10, ஆக 34 என்று ரீஆர்டர் அளவை வைத்திருக்கிறார் கடைக்காரர். இந்தச் செவ்வாய் இருப்பு 40. முப்பத்திநாலுக்கு மேல் இருக்கிறதே என்று, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார். செவ்வாய் இரவு 28, புதன் இரவு 16, வியாழன் இரவு 4. வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்த நாலும் போய்விடும். அடுத்த செவ்வாய் ஆர்டர் போட்டு, அதற்கடுத்த வியாழன் சரக்கு வரும்வரை ஏறக்குறைய ஆறு நாள் தட்டு காலி.

இன்று சொல்லும் ஆர்டர் தாங்க வேண்டியது 2 நாள் அல்ல. இன்று விட்டால் அடுத்த வாய்ப்பு 7 நாள் கழித்துத்தான், அதிலிருந்து சரக்கு வர இன்னும் 2 நாள். ஆக 9 நாள். அந்த ஒன்பது நாளில் 108 பாக்கெட் போகும் இடத்தில் 40 பாக்கெட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். லைன் வரும் பொருளுக்கெல்லாம் நாள் கணக்கு இப்படித்தான்: சேல்ஸ்மேன் வரும் இடைவெளி, அதோடு சரக்கு வரும் நாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் லைன் என்றால் 15-உம் 2-உம் 17.

ஆகவே இப்படிப்பட்ட கடைக்கு "இந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் போடு" என்கிற எண்ணைவிட, "ஒவ்வொரு செவ்வாயும் இந்த அளவு வரை நிரப்பு" என்கிற எண்தான் உதவும். அதை நிரப்பு அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நாள் விற்பனையும் காப்புச் சரக்கும் சேர்ந்தது அது. போன் ஆர்டர் எடுக்கும் மொத்த வியாபாரியிடம் வாங்கும் அரிசி, பருப்புக்கு மட்டும் பழைய ரீஆர்டர் கணக்கே போதும்.

இப்போது அந்த 12 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பாதித் தவறு நடக்கிறது. 28 நாள் நோட்டில் எழுதிய விற்பனை மொத்தம் 348. இருபத்தெட்டால் வகுத்தால் 12.4 வரும். ஆனால் அதில் ஒரு நாள் 36 பாக்கெட் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது. அது முன்கூட்டியே சொல்லி வாங்கிய சரக்கு, அன்றாட விற்பனை அல்ல. அதைக் கழித்தால் 312. இன்னொரு பக்கம், அந்த 28 நாளில் 2 நாள் எண்ணெயே இல்லை, நோட்டில் 0 என்று இருக்கிறது. அந்த இரண்டு நாளும் கேட்க ஆள் வந்தார்கள், கொடுக்கத்தான் சரக்கு இல்லை. ஆகவே அந்த நாட்களையும் நீக்கி 312-ஐ 26-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 12.

சரக்கு இல்லாத நாளின் பூஜ்ஜியத்தை நீக்காமல் விடுவது சத்தமில்லாமல் ஆளைக் கெடுக்கும் பிழை. தீர்ந்துபோனதால் சராசரி குறையும், சராசரி குறைந்ததால் ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்ததால் இன்னும் சீக்கிரம் தீரும். பில்லிங் சாஃப்ட்வேர் காட்டும் விற்பனை அறிக்கையும் இதே பொய்யைத்தான் சொல்லும், ஏனென்றால் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவருக்கு அது பில் போடுவதில்லை. கல்லா பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்து, "இல்லை" என்று சொல்லி அனுப்பிய பொருளையும் நேரத்தையும் மட்டும் எழுதினால் போதும். மதியமே தீர்ந்த நாளையும் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்தது காப்புச் சரக்கு. பலர் "சராசரியில் பாதி", "ஒரு வாரச் சரக்கு" என்று கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளுக்கு நாள் ஒரே சீராகப் போகும் பொருளுக்கு அது அதிகம், தாறுமாறாகப் போகும் பொருளுக்கு அது போதாது. காப்பு எவ்வளவு என்பதை விற்பனையின் அளவு தீர்மானிப்பதில்லை, அதன் ஏற்ற இறக்கம்தான் தீர்மானிக்கிறது. அதைக் கையாலேயே அளக்கலாம். ஒவ்வொரு நாள் விற்பனையும் 12-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று, கூடுதலா குறைவா என்று பார்க்காமல், எழுதிக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரியை 1.25-ஆல் பெருக்குங்கள். இந்தக் கடையில் வித்தியாசத்தின் சராசரி 3.2. பெருக்கினால் 4. திட்ட விலக்கம் என்று பள்ளியில் படித்தது ஏறக்குறைய இதுதான்.

ஒரு நாளின் ஏற்ற இறக்கம் 4 என்றால் ஒன்பது நாளுக்கு 36 ஆகாது. ஒரு நாள் கூடப் போனால் இன்னொரு நாள் குறையப் போய்க் கொஞ்சம் சமன் ஆகிவிடும். ஆகவே 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்கினால் போதும், 12 வரும். அதை 1.65-ஆல் பெருக்கினால் 20. இதுதான் காப்புச் சரக்கு. நிரப்பு அளவு 108-உம் 20-உம் சேர்ந்து 128.

அந்த 1.65 எதற்கு? நூறு முறை ஆர்டர் போட்டால் 95 முறை அடுத்த சரக்கு வரும்வரை தீராமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால் வரும் எண் அது. 90 முறை போதும் என்றால் 1.28, 99 முறை வேண்டும் என்றால் 2.33. இதைச் சிலர் நூறு வாடிக்கையாளரில் ஐந்து பேர் திரும்பிப் போவார்கள் என்று எடுத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அப்படியில்லை. ஐந்து முறை கடைசி நேரத்தில் சில பாக்கெட் குறையும், அவ்வளவுதான்.

இதுவரை போட்ட கணக்கில் வியாழன் என்றால் வியாழன்தான் சரக்கு வரும் என்று நம்பியிருக்கிறோம். நடப்பு அப்படியா? கடந்த 12 பில்லையும் எடுத்து, ஆர்டர் சொன்ன நாளையும் சரக்கு இறங்கிய நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்தக் கடையில் 8 முறை 2 நாளில் வந்திருக்கிறது, 3 முறை 3 நாளில், ஒரு முறை 5 நாளில். சராசரி 2.5 நாள், அதன் ஏற்ற இறக்கம் 0.9 நாள். ஆக, ஆர்டர் தாங்க வேண்டியது 9 நாள் அல்ல, ஒன்பதரை நாள். மூன்றில் இரண்டு முறை ஒழுங்காக வருகிறவர்தானே என்று தோன்றும். ஆனால் கணக்கில் அந்த ஒரு ஐந்து நாள் தாமதம் பெரிதாகக் கனக்கும், ஏனென்றால் வண்டி ஒரு நாள் தள்ளினால் ஒரு முழு நாள் விற்பனை, அதாவது 12 பாக்கெட், மொத்தமாகத் துண்டு விழுகிறது.

செல்போனில் ஷீட் பயன்படுத்துகிறவர்கள், நீக்க வேண்டிய நாட்களை நீக்கிய விற்பனையை B2 முதல் B27 வரையும், சரக்கு வந்த நாள் கணக்கை C2 முதல் C13 வரையும் இட்டு இதைப் போடலாம்:

```
E1  =AVERAGE(B2:B27)
E2  =STDEV.S(B2:B27)
E3  =7+AVERAGE(C2:C13)
E4  =STDEV.S(C2:C13)
E5  =1.65*SQRT(E3*E2^2+E1^2*E4^2)
E6  =E1*E3+E5
```

E5 காப்புச் சரக்கு, E6 நிரப்பு அளவு. இந்தக் கடைக்கு முறையே 27, 141 என்று வரும். தாமதமே இல்லாமல் இருந்திருந்தால் 20, 128. ஆக, ஏஜென்சி வண்டியின் ஒழுங்கின்மைக்காகக் கடைக்காரர் தன் பணத்தில் 13 பாக்கெட்டைக் கூடுதலாக அடுக்கி வைத்திருக்கிறார். கிரெடிட் நாள் கூட்டிக் கேட்கும்போதோ, ஒரே பொருளுக்கு இரண்டு ஏஜென்சியை ஒப்பிடும்போதோ இந்த எண்ணைக் கையில் வைத்துப் பேசலாம். விலையில் 50 பைசா குறைத்துத் தருகிறவரைவிட நாள் தவறாமல் இறக்குகிறவர் மலிவாக இருக்க வாய்ப்புண்டு.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நோட்டுப்படி இருப்பு 41. அதை நம்பாமல் கையால் தொட்டு எண்ண வேண்டும். எண்ணெய் பாக்கெட் பெட்டியை மேலே மேலே அடுக்கினால் அடிப்பெட்டியின் மூலையில் இருக்கும் பாக்கெட் நசுங்கிக் கசியும். அட்டையின் அடிப்பாகம் கருத்து நனைந்திருந்தால் உள்ளே ஒன்றிரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். இப்படி 3 பாக்கெட் டேமேஜ் ரிட்டர்னுக்கு ஒதுக்கியது. விற்கத் தகுந்தது 38. நிரப்பு அளவு 141-இல் 38 கழித்தால் 103. பெட்டிக்கு 10 பாக்கெட், ஆகவே 10 பெட்டி சொல்லலாம். 3 பாக்கெட் குறைகிறது, அது கால் நாள் விற்பனை, அதற்காகப் பதினோராவது பெட்டி வேண்டாம்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கேட்காமல் அந்தப் பத்தைச் சொல்லிவிடக் கூடாது. ஒன்று, போன வார பாக்கி. 10 பெட்டி சொல்லி 6 வந்து, "மீதி நாளைக்கு அனுப்புறோம்" என்று 4 பெட்டி நிற்கிறது என்றால் அந்த 40 பாக்கெட்டும் இருப்புதான். 141-இல் 38-உம் 40-உம் கழித்தால் 63, ஆகவே 6 பெட்டி. மறந்துவிட்டுப் பத்து சொன்னால், பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்தால், 5,600 ரூபாய்க்குத் தேவையில்லாத எண்ணெய் வந்து நிற்கும். அதே சமயம் பாக்கி உயிரோடு இருக்கிறதா என்று சேல்ஸ்மேனிடமே கேட்டுவிடுங்கள். சில ஏஜென்சிகளில் பில் போடாத பாக்கி தானாகக் கேன்சல் ஆகிவிடும். வரும் வரும் என்று கழித்துக்கொண்டே இருந்தால் தட்டு காலிதான். இரண்டு, சொல்லி வைத்த ஆர்டர். கல்யாண வீட்டுக்காரர் இந்த வாரம் 36 பாக்கெட் கேட்டிருந்தால் அதைக் கூட்ட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத வாரத்தில் 103-உம் 36-உம் 139, ஆக 14 பெட்டி. அப்படிச் சொன்னதை வந்ததும் தட்டில் கலக்காமல் பெயர் எழுதித் தனியாக வைக்க வேண்டும். கலந்துவிட்டால் கல்யாணத்துக்கு முதல் நாள் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாதப் பிறப்பில் தீர்ந்துபோகும். காரணம், மேலே போட்ட வர்க்கமூலக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஒரு நாள் கூடினால் இன்னொரு நாள் குறையும் என்று. சம்பளம் வந்த முதல் பத்து நாளில் அது நடப்பதில்லை. மாத மளிகை லிஸ்ட் எல்லாம் அப்போதுதான் வரும், எல்லா நாளும் கூடுதலாகவே போகும். நோட்டில் 1 முதல் 10-ஆம் தேதி வரையைத் தனியாகக் கூட்டினால் நாளைக்கு 16. மீதி நாட்களில் 9.5. இரண்டையும் ஒன்றாகப் போட்டு 12 என்று சொல்வது எந்த நாளுக்கும் பொருந்தாத எண்.

பிரித்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஏற்ற இறக்கம் 4 என்று பார்த்தோம் அல்லவா, அதில் பெரும்பகுதி சம்பள நாளுக்கும் சாதாரண நாளுக்கும் இடையிலான வித்தியாசமே. ஒவ்வொன்றுக்குள்ளும் தனியாகப் பார்த்தால் அது 2.5-க்கு இறங்கிவிடும். இதே கணக்கைத் திரும்பப் போட்டால், அடுத்த ஒன்பதரை நாளும் சம்பள நாளாக இருக்கும் செவ்வாய்க்கு, அதாவது 1-ஆம் தேதி வரும் செவ்வாய்க்கு, நிரப்பு அளவு 179. 12-ஆம் தேதி போன்ற நடுமாதச் செவ்வாய்க்கு 109. 141 என்று ஒரே எண்ணை வருடம் முழுக்க வைத்தவர் மாதத் தொடக்கத்தில் 38 பாக்கெட் குறையவும், நடுவில் 32 பாக்கெட் தேங்கவும் வைத்திருக்கிறார். இரண்டு பயமும் ஒரே எண்ணிலிருந்து! இடைப்பட்ட செவ்வாய்க்குக் காலண்டரில் நாளை எண்ணினால் போதும். 30 நாள் மாதத்தில் 28-ஆம் தேதி செவ்வாய் என்றால் 3 சாதாரண நாள், 6.5 சம்பள நாள், அதோடு காப்பு 27, ஆக 160 சுமார்.

பணம் முடங்குகிறதே என்கிற பயத்துக்கு வருவோம். காப்புச் சரக்கு 27 பாக்கெட், தலா 140 ரூபாய், மொத்தம் 3,780. மாதம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிய பணம் என்றே வைத்துக்கொண்டால் வட்டி 57 ரூபாய். முதலில் பார்த்த ஆறு நாள் காலியில் போனது 68 பாக்கெட். பாக்கெட்டுக்கு 5 ரூபாய் லாபம் என்றால் 340 ரூபாய், ஆறு மாதக் காப்பு வட்டி. எண்ணெய் இல்லை என்று முழு லிஸ்ட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே வேகமாகப் போகும் பொருளின் காப்புச் சரக்கில் கை வைத்துப் பணம் மிச்சம் பிடிக்க நினைப்பது தவறான இடத்தில் தேடுவது.

பணம் தூங்குவது மெதுவாகப் போகும் பொருளில். நாலு நாளைக்கு ஒன்று போகும் ஷாம்பு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை நாளில் 2.4 பாட்டில் போகும். இப்படிச் சில்லறையாகப் போகும் பொருளுக்கு நோட்டில் ஏற்ற இறக்கம் அளப்பது வீண்வேலை, முக்கால்வாசி நாள் பூஜ்ஜியம்தான் இருக்கும். அதே 2.4-இன் வர்க்கமூலத்தை 1.65-ஆல் பெருக்கினால் காப்பு கிடைத்துவிடும்: 2.6. ஆக நிரப்பு அளவு 5 பாட்டில். இதற்கு நோட்டே வேண்டாம், தட்டில் ஐந்து பாட்டில் நிற்கும் இடத்தை மட்டும் விட்டு, காலி இடத்தை எண்ணிச் சொன்னால் போதும்.

அந்த இடத்தில்தான் 24 வாங்கினால் 2 இலவசம் என்று ஸ்கீம் வருகிறது. வட்டியை மட்டும் பார்த்தால் அது லாபம் போலவே தெரியும், அதனால்தான் ஏமாறுகிறோம். பார்க்க வேண்டியது வேறு. 26 பாட்டில் விற்க 104 நாள் ஆகும். பில்லுக்குக் கிரெடிட் 14 நாள். பணம் கட்டும் நாளில் மூன்றோ நாலோதான் விற்றிருக்கும், மீதிப் பணம் எண்ணெய் விற்ற கல்லாவிலிருந்து போகும். அடுத்த செவ்வாய் பத்துப் பெட்டி சொல்ல வேண்டிய இடத்தில் ஐந்து பெட்டி சொல்லப்படும். ஆகவே ஸ்கீமுக்குத் தலையாட்டும் முன் ஒரு வகுத்தல் போடுங்கள்: மொத்த எண்ணிக்கையை ஒரு நாள் விற்பனையால் வகுத்து வரும் நாள், கிரெடிட் நாளைவிட எவ்வளவு கூடுதல்? எண்ணெயில் 20 பெட்டிக்கு ஒன்று இலவசம் என்றால் 210 பாக்கெட், பதினேழரை நாள் சரக்கு. கிரெடிட் 14 நாளானால் மூன்றரை நாள் இடைவெளியை கல்லா தாங்கும். அங்கே பயப்பட வேண்டியது விலை இறக்கத்துக்கு. இறக்குமதி எண்ணெய் விலை இறங்கும் காலத்தில் புது விலைச் சரக்கு எதிர்க்கடைக்கு வந்துவிட்டால், இலவசப் பெட்டி கொடுத்ததைப் பழைய சரக்கு திருப்பி எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைக் கடையில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் போட முயன்றால் இரண்டாவது வாரமே நோட்டு மூடிவிடும். இல்லை என்றால் வாடிக்கையாளர் லிஸ்ட்டோடு திரும்பிப் போகக்கூடிய முப்பது, நாற்பது பொருளுக்கு மட்டும் போதும். பால், பிரட்டுக்கு இது பொருந்தாது, நாளைக்கு மிஞ்சினால் அது காப்பு அல்ல, கழிவு. எண்களை மாதம் ஒருமுறை புதுப்பித்தால் போதும், வாராவாரம் மாற்றினால் மறுபடி போன வார அவஸ்தைக்கே ஆர்டர் போடுவதாகிவிடும்.

இடையில் கையால் திருத்த வேண்டிய வாரங்களும் உண்டு. தீபாவளி, பொங்கல் வாரங்களில் விற்பனை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குப் போன வருட நோட்டைப் பார்க்கலாம். மறந்துபோவது லீவு. பண்டிகை செவ்வாய்க்கிழமை வந்தால் சேல்ஸ்மேன் வர மாட்டார். முந்தின செவ்வாய் சொல்லும் ஆர்டர் அப்போது ஒன்பதரை நாளை அல்ல, பதினாறரை நாளைத் தாங்க வேண்டும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே, "பண்டிகை வாரம் லைன் உண்டா, வண்டி எந்தக் கிழமை?" என்று கேட்டு, E3-இல் இருக்கும் அந்த 7-ஐ 14 ஆக்கிவிடுங்கள்.